நாற்காலி ஒருவருக்கு, பங்கு மூவருக்கு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. பந்தல் பிரிக்கும் முன்பே, ஊரிலிருந்து வந்திருக்கும் மகளிடம் ஒரு விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. "பேங்க்ல லிமிட் புதுப்பிக்கணும் அம்மிணி, எல்லார் கையெழுத்தும் கேக்கறாங்க. அண்ணன்தானே, போட்டுடு." நம் தொழில் குடும்பங்களில் இது இன்னும் நடக்கிறது. மகள் கையெழுத்துப் போட்டால் அவளுடைய உரிமை அன்றோடு போகிறது. போட மறுத்தால் அண்ணன் தங்கை உறவு போகிறது. இரண்டில் எதுவும் அவள் தேடிப் போனதல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன்பே அப்பா எழுதி வைத்திருக்க வேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டதன் விலையை அவள் கட்டுகிறாள்.

வாரிசு ஏற்பாடு என்றதும் பெரும்பாலான முதலாளிகள், "எனக்குப் பிறகு யார்?" என்ற ஒரே கேள்வியைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தொழிலை நடத்துவது யார்? அதற்கு உடைமையாளர்கள் யார் யார்? அதிலிருந்து வரும் வருமானம் யாருக்கு எவ்வளவு? இந்த மூன்றுக்கும் ஒரே விடை சொல்ல முயலும்போதுதான் குடும்பம் உடைகிறது. நடத்துகிற மகனுக்கே எல்லாம் என்றால் மற்ற பிள்ளைகள் ஏமாற்றப்படுகிறார்கள். எல்லோருக்கும் எல்லாவற்றிலும் சமம் என்றால் தொழில் முடங்குகிறது. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் நியாயமாகவும் நடக்கலாம், தொழிலையும் காப்பாற்றலாம். அது எப்படி என்பதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குப் பார்ப்பதற்காக நான் அமைத்துக்கொண்ட குடும்பம்தான். ஆனால் பீளமேடு, கணபதி பக்கம் தொழில் நடத்துகிற பலர் இதில் தங்கள் வீட்டையே பார்ப்பார்கள். அப்பாவுக்கு வயது 66. மூத்த மகன் பதினைந்து ஆண்டுகளாகத் தொழிற்சாலையில் இருக்கிறார். மகள் திருமணமாகிச் சென்னையில் இருக்கிறார். இளைய மகனுக்கு அமெரிக்காவில் வேலை. கம்பெனியில் மொத்தம் 60,000 பங்குகள்: அப்பா பெயரில் 50,000, அம்மா பெயரில் 10,000. மூத்தவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலை நிற்கும் நிலம், நம் ஊர் வழக்கப்படி, கம்பெனி பெயரில் இல்லை. அப்பாவின் சொந்தப் பெயரில் இருக்கிறது, அதைத்தான் வங்கியில் அடமானம் வைத்து ஓ.டி. வாங்கியிருக்கிறார்கள். நகர்ப்புறத்தில் இன்னொரு காலி மனை உண்டு. வீடு ஒன்று, வைப்புத்தொகை 3 கோடி.

இவையெல்லாம் அப்பாவின் சுய சம்பாத்தியம் என்று கொள்வோம். உயில் எழுதாமல் அவர் இன்று கண்ணை மூடினால் என்ன ஆகும்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. (அவருடைய தாய் உயிரோடிருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.) அப்பாவின் 50,000 பங்குகள் நான்காகப் பிரிந்து ஆளுக்கு 12,500 ஆகும். பதினைந்து ஆண்டு பவுண்டரிப் புகையில் நின்றவரிடம் கம்பெனியில் ஐந்தில் ஒரு பாகம்தான் இருக்கும். அடமானத்தில் இருக்கும் நிலத்துக்கு நான்கு உடைமையாளர்கள் வந்துவிடுவார்கள். லிமிட்டைப் புதுப்பிக்க வங்கி நான்கு பேரின் கையெழுத்தையும் கேட்கும். அப்போதுதான் விடுதலைப் பத்திரம் வெளியே வருகிறது.

"நாமினி போட்டிருக்கிறேனே" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. பங்குகளுக்கு நாமினியாக ஒருவரைக் குறித்திருப்பதால் அவர் உடைமையாளராகிவிட மாட்டார், சட்டப்படியான வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உயில் செய்ய வேண்டிய வேலையை நாமினிப் படிவம் செய்யாது.

முதலில் மதிப்பு, பிறகு பங்கீடு

பாகம் பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றும் எவ்வளவு பெறும் என்று வெளியாள் ஒருவரை வைத்து எழுதி வாங்க வேண்டும். நம் உதாரணத்தில் கடந்த மூன்று ஆண்டுகளின் வரி போக நிகர லாபம் 2 கோடி, 2.4 கோடி, 2.8 கோடி. சராசரி 2.4 கோடி. குடும்பம் சராசரி லாபத்தின் ஐந்து மடங்கு என்று ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் கம்பெனியின் மதிப்பு 12 கோடி. தொழிற்சாலை நிலம் 6 கோடி, காலி மனை 6 கோடி. ஐந்து மடங்குதான் சரி என்று வேதம் எதுவும் இல்லை. தொழிலைப் பொறுத்து அது மாறும். எத்தனை மடங்கு என்பதைவிட, அப்பா உயிரோடு இருக்கும்போதே மூன்று பிள்ளைகளும் அதை ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் முக்கியம்.

பங்கிடுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதைப் பேசாமல் விட்ட வீடுகளில்தான் பெரிய சண்டை வருகிறது. மூத்த மகன் இத்தனை ஆண்டுகளாக மாதம் 40,000 ரூபாய் எடுத்துக்கொண்டு வேலை பார்த்தார். அதே வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்திருந்தால் 1 லட்சத்துக்கு மேல் கொடுத்திருக்க வேண்டும். "எல்லாம் உனக்குத்தானேப்பா" என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தக் குறைந்த சம்பளத்தில் அவரை வைத்திருந்தார்கள். பிரிக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் என்றால் அவர் மனம் கொதிக்காதா? அவருடைய மனைவிதான் அந்தக் கேள்வியைக் கேட்பார், உடனே "வந்தவள் குடும்பத்தைப் பிரிக்கிறாள்" என்று பழி அவர் மேல் விழும். கேள்வி நியாயமானது. ஆகவே குறைத்துக் கொடுத்த சம்பளத்தைக் கணக்குப் பார்த்து, 1 கோடி என்று ஒப்புக்கொண்டு, வைப்புத்தொகையிலிருந்து முதலில் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அது பாகம் இல்லை, பாக்கி. கம்பெனி செலவில் அவர் வாங்கிய கார், கட்டிய வீட்டுத் தவணை என்று ஏதாவது இருந்தால் அதையும் அதே தாளில் கழித்துக்கொள்ள வேண்டும்.

மகள் பக்கமும் இப்படி ஒரு பேச்சு வரும். "கல்யாணத்துக்கு நூறு பவுன் போட்டோமே, சீர் செய்தோமே." மகள் கேட்டு வாங்கியதல்ல அது. ஊருக்காக அப்பா அம்மா செய்தது. மகன்களின் படிப்புக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஆன செலவை யாரும் பாகத்தில் கழிப்பதில்லை. நகையைக் கழிப்பதென்றால் படிப்பையும் கழிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவதே நல்லது. சட்டத்தின் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்தது, அதற்கு முன் திருமணமானவர்களைத் தவிர. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாடு இல்லாமல் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை செல்லும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சுய சம்பாத்தியமாக இருந்தால் அப்பா யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக மகளை விட்டுவிடுவது நியாயமாகிவிடாது.

வீட்டையும் மீதி 2 கோடி வைப்புத்தொகையையும் பெரியவர்களின் காலத்துக்கென்று தனியே வைத்துவிடலாம். இருவருக்கும் பிறகு அது மூவருக்கும் சமம். மிஞ்சுவது கம்பெனி 12 கோடி, இரண்டு நிலங்கள் 12 கோடி. ஆக 24 கோடி, ஆளுக்கு 8 கோடி. எல்லாவற்றையும் மூன்றாக வெட்டினால் தொழிலை நடத்தும் மூத்தவருக்குக் கம்பெனியில் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும். தம்பியும் தங்கையும் சேர்ந்தால் அவரை வெளியே அனுப்பிவிடலாம். அதனால் மூவருக்கும் ஒரே மதிப்பு, ஆனால் வேறு வேறு பொருள். மூத்தவருக்கு 40,000 பங்குகள், அதாவது 8 கோடி. மகளுக்கு 10,000 பங்குகள், அதாவது 2 கோடி, காலி மனையில் பாதி 3 கோடி, தொழிற்சாலை நிலத்தில் பாதி 3 கோடி. இளையவருக்கும் அதே போல.

இந்தப் பிரிப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு கையில் இருப்பதால் அன்றாடத் தொழிலில் மூத்தவரை யாரும் தடுக்க முடியாது. ஆனால் கம்பெனியின் அமைப்பு விதிகளை மாற்ற முக்கால் பங்கு வாக்கு வேண்டும், அது அவரிடம் இல்லை. ஆகவே தம்பி தங்கைக்குக் கொடுத்த பாதுகாப்பு விதிகளை அவர் தனியாக அழித்துவிட முடியாது. இருவரும் ஆளுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பதால், அநியாயம் நடந்தால் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும் தகுதியும் தனித்தனியே உண்டு.

சிறு பங்கு என்றால் வெறும் காகிதமா?

இங்கேதான் பெரிய குடும்பங்களே தடுமாறின. முருகப்பா குழுமத்தின் எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமானார். அவருக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள். குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அந்தக் கிளைக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு இருந்தது. மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார், இல்லையென்றால் நியாயமான விலைக்குப் பங்குகளை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். 2020 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 91 சதவீதத்துக்கு மேல் அவருக்கு எதிராக விழுந்தது. விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போய், 2023 ஆகஸ்டில்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டது. நூறாண்டு கடந்த, மதிப்புமிக்க ஒரு குடும்பத்துக்கே ஆண்டுக்கணக்கில் இழுத்த சிக்கல் இது. பிரைவேட் கம்பெனியின் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. நிர்வாகத்தில் இடமில்லை, ஈவுத்தொகை நிச்சயமில்லை, விற்கவும் வழியில்லை என்றால் அந்தப் பங்கு வைத்திருப்பவருக்கு என்ன பயன்?

ஆகவே சிறு பங்குக்காரருக்கு இரண்டு உறுதிகள் வேண்டும். ஒன்று, வருமானம். ஆண்டு நிகர லாபத்தில் 30 சதவீதம் ஈவுத்தொகையாகப் பிரிக்கப்படும் என்று எழுதிக்கொள்ளலாம். 2.4 கோடியில் அது 72 லட்சம், பங்குக்கு 120 ரூபாய். மகளுக்கு ஆண்டுக்கு 12 லட்சம் வரும். வங்கித் தவணை நிலுவையில் இருக்கும் ஆண்டில் மட்டும் இது கிடையாது என்று ஒரு விலக்கு வைத்தால் போதும். மூத்தவர் தன் உழைப்புக்குச் சந்தை நிலவரப்படி சம்பளம் வாங்கட்டும், தன் பங்குக்கு மற்றவர்களைப் போலவே ஈவுத்தொகை வாங்கட்டும். அந்தச் சம்பளத்தைத் தீர்மானிப்பவர் அவராக இருக்கக் கூடாது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரோ, பம்ப் தொழில் தெரிந்த வெளி இயக்குநர் ஒருவரோ இருந்தால் அந்தப் பேச்சு அண்ணன் தங்கைக்கு நடுவில் வராமல் இருக்கும்.

இரண்டாவது, வெளியேறும் வழி. யாராவது விற்க நினைத்தால் முதலில் குடும்பத்துக்குள் கேட்க வேண்டும். விலை அதே சூத்திரம்: மூன்று ஆண்டுச் சராசரி லாபம், ஐந்து மடங்கு. மூன்று ஆண்டுத் தவணையில் பணம் தரலாம், ஏனென்றால் 2 கோடியை ஒரே நாளில் புரட்டச் சொன்னால் கம்பெனியின் மூச்சு நின்றுவிடும். இதோடு இன்னொரு விதியையும் மறக்கக் கூடாது. நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் வந்து கம்பெனியை மூன்று மடங்கு விலைக்குக் கேட்டால், மூத்தவர் தன் பங்கை விற்கும் அதே விலைக்குத் தம்பி தங்கையின் பங்கும் விற்கப்பட வேண்டும். இது இல்லாமல், "அன்னிக்கு எங்களைக் கம்மி விலையில கழட்டி விட்டுட்டு இன்னிக்குக் கோடி கோடியா வித்துட்டான்" என்ற வருத்தம் தலைமுறை தாண்டியும் நிற்கும்.

இவற்றை எங்கே எழுதுவது என்பது எழுதுவதைவிட முக்கியம். ஒரு தனியார் கம்பெனியில் இரண்டு கிளைகள் சரி பாதி வைத்திருந்தன. விற்பதென்றால் அந்தந்தக் கிளைக்குள்தான் முதலில் விற்க வேண்டும் என்று 1951-இல் வாய்மொழியாக ஒப்பந்தம். பிற்காலத்தில் ஒரு கிளையைச் சேர்ந்தவர் தன் பங்குகளை மறு கிளைக்கு விற்றார். ரங்கராஜ் – கோபாலகிருஷ்ணன் வழக்கு என்று வழக்கறிஞர்கள் சொல்லும் இந்த விவகாரத்தில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: பங்கு விற்பதற்கான கட்டுப்பாடு கம்பெனியின் அமைப்பு விதிகளில் இல்லையென்றால், அது கம்பெனியையோ பங்குதாரரையோ கட்டாது. குலதெய்வம் கோயிலில் சத்தியம் செய்திருந்தாலும், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டிருந்தாலும் அமைப்பு விதிகளில் ஏற்ற வேண்டும். ஆடிட்டர் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கம்பெனியாக இல்லாமல் கூட்டு நிறுவனமாக நடத்துபவர்களுக்கு ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்ததும் 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிறுவனமே கலைந்துவிடும். அந்த ஒரு வரி உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

எதை இன்று கொடுப்பது, எதை உயிலில் வைப்பது

எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதிக்கொடுத்துவிட்டு நிற்பது பெரிய தவறு. ரேமண்ட் நிறுவனத்தின் விஜய்பத் சிங்கானியா 2015-இல் தன் பங்குகளை மகன் பெயருக்கு மாற்றினார். இரண்டே ஆண்டில், தனக்கு உரிய குடியிருப்பைக் கேட்டு மும்பை உயர் நீதிமன்றத்தை நாடினார். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சு ஒரு புறம் இருக்கட்டும். அந்த நிலைமைக்கு இடம் வைக்காமல் ஏற்பாடு செய்ய முடியும்.

நம் உதாரணத்தில் அப்பா தன் 50,000 பங்குகளில் மூத்தவருக்கு 24,000, மகளுக்கு 10,000 என்று இப்போதே தானமாகக் கொடுக்கிறார். நெருங்கிய உறவினர்களுக்கு இடையே இப்படிக் கொடுப்பதற்கு வாங்குபவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. மிச்சம் 16,000 பங்குகள் அப்பாவிடம், 10,000 அம்மாவிடம். இரண்டும் சேர்ந்தால் 43 சதவீதத்துக்கு மேல். மூத்தவரிடம் இப்போதைக்கு இருப்பது 40 சதவீதம். பெரியவர்களின் ஈவுத்தொகையும் சொல்லும் அவர்கள் காலம் வரை நிற்கும். அப்பா தன் உயிலில் 16,000-ஐ மூத்தவருக்கும், அம்மா தன் உயிலில் 10,000-ஐ இளையவருக்கும் எழுதுகிறார்கள். அம்மாவும் உயில் எழுத வேண்டும் என்பதைப் பல வீடுகளில் யாரும் நினைப்பதே இல்லை. பங்கு அவர் பெயரில் இருந்தாலும் அது அப்பாவினுடையது என்ற நினைப்பு.

இளையவருக்கு மட்டும் ஏன் உயில்? அவர் வெளிநாட்டில் குடியிருப்பவர். இந்தியாவில் இருப்பவர் தன் கம்பெனிப் பங்கை வெளிநாட்டில் இருப்பவருக்குத் தானமாகத் தர ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும், கம்பெனியின் மூலதனத்தில் 5 சதவீதம் என்ற வரம்பும் உண்டு. வாரிசாக, உயில் வழியாகப் பெறுவதற்கு இந்தத் தடை இல்லை. காலி மனையைத் தானமாகத் தரலாம். அதுவே விவசாய நிலமாக இருந்தால் தானமாகத் தர முடியாது, வாரிசாகத்தான் பெற முடியும். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் பத்திரம் எழுதிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு தவிப்பதுண்டு.

தொழிற்சாலை நிலத்தில் இன்னொரு முடிச்சு. அது வங்கியின் அடமானத்தில் இருக்கிறது. வங்கி சம்மதிக்காமல் மாற்றக் கூடாது. மாற்றினாலும் மகளும் இளையவரும் தங்கள் நிலத்தை அண்ணன் வாங்கும் கடனுக்குப் பிணையாக வைத்தவர்கள் ஆகிவிடுவார்கள். கடன் முடிவில் அவர்களுக்குச் சொல் இல்லை, ஆனால் கடன் மூழ்கினால் போவது அவர்கள் நிலம். இது நியாயமில்லை. எனவே அந்த நிலம் அப்பா பெயரிலேயே இருக்கட்டும், உயிலில் இருவருக்கும் எழுதட்டும். இடையில் ஐந்தாண்டுக்குள் லிமிட்டைக் குறைத்தோ, வேறு சொத்தைப் பிணையாகக் கொடுத்தோ நிலத்தை மீட்பது கம்பெனியின் பொறுப்பு என்று எழுதிக்கொள்ள வேண்டும். கூடவே கம்பெனிக்கும் நிலத்துக்கும் 15 ஆண்டுக் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். வாடகை மாதம் 2 லட்சம் என்றால் பின்னாளில் மகளுக்கும் இளையவருக்கும் ஆளுக்கு 1 லட்சம். மூத்தவரைக் காலி செய்யச் சொல்லி மிரட்டவும் வழியில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவருகே நிற்பது

பங்கைக் கொடுப்பதைவிட அதிகாரத்தைக் கொடுப்பதுதான் அப்பாக்களுக்குக் கடினம். "எல்லாம் பையன்தான் பார்த்துக்கறான்" என்று கல்யாண வீடுகளில் சொல்வார்கள். ஆனால் காசோலையில் கையெழுத்து யாருடையது? தாமிரக் கம்பி விலை ஏறும்போது இன்று வாங்குவதா நாளை வாங்குவதா என்று முடிவெடுப்பது யார்? தீபாவளி போனஸ் பேச்சில் தொழிலாளர்கள் யார் முகத்தைப் பார்க்கிறார்கள்? டீலருக்குக் கூடுதல் கடன் கொடுக்கச் சொல்வது யார்? அதிகாரம் இந்த நான்கு இடங்களில்தான் இருக்கிறது.

இதை மூன்று ஆண்டில் வரிசையாகக் கொடுக்கலாம். முதல் ஆண்டு கொள்முதலும் தொழிற்கூடமும் முழுக்க மகனிடம், காசோலையில் இருவர் கையெழுத்து. இரண்டாம் ஆண்டு டீலர் கடன் வரம்பும் வங்கிப் பேச்சும். வங்கிக் கூட்டத்துக்கு அப்பா கூடப் போகலாம், பேசுவது மகனாக இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு ஆட்கள், சம்பளம், போனஸ். ஏப்ரல் 1 என்று ஒரு நாள் குறித்து, அன்று அப்பா நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து விலகி, சம்பளமில்லாத தலைவராகிறார். இயக்குநர் குழுத் தீர்மானம், கம்பெனிப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் படிவம், வங்கியில் கையெழுத்து மாற்றம் எல்லாம் அதோடு முடிய வேண்டும். ஒன்றில் ஏமாந்துவிடக் கூடாது. பதவி விலகினாலும் வங்கிக்கு அப்பா கொடுத்த தனிப்பட்ட ஜாமீன் விலகாது. வங்கி எழுத்தில் விடுவித்தால்தான் உண்டு. விடுவிக்கும் வரை கணக்கைக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கட்டும்.

மாற்றம் நடந்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு டீலருக்கு 120 நாள் தாண்டியும் பணம் வரவில்லை, அதனால் மகன் சரக்கை நிறுத்தியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டீலர் நேரே வீட்டுக்கு வந்து, "தம்பி கறாரா இருக்காருங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்கிறார். முப்பது வருடப் பழக்கம். அப்பா போனை எடுத்து, "இந்த ஒரு தடவை அனுப்பிவிடு" என்றால், அந்த நிமிடமே மகனின் மூன்றாண்டுப் பயிற்சி வீண். அடுத்த வாரம் பத்து டீலர்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். "அது அவன் முடிவுங்க, அவனிடமே பேசுங்க" என்று காபி கொடுத்து அனுப்பினால் அதிகாரம் கைமாறிவிட்டது. அப்பாவுக்கு மாறுபட்ட கருத்து இருந்தால் மாதம் ஒரு முறை இயக்குநர் குழுவில் சொல்லலாம், மகனிடம் தனியாகச் சொல்லலாம். ஆட்கள் முன்னால் கூடாது. தொழிற்சாலையில் தன் அறையையும் அவர் காலி செய்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அறை இருந்தால் ஆட்கள் அங்கேதான் போவார்கள்.

வெளியாள் மேனேஜர்

மூத்தவருக்கு வார்ப்படமும் மோட்டாரும் அத்துப்படி, விற்பனையும் வசூலும் கைவரவில்லை என்றால் என்ன செய்வது? பிள்ளை எல்லாவற்றிலும் தேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவனுக்குச் செய்யும் கொடுமை. தாபர் நிறுவனத்தின் பர்மன் குடும்பம் 1998-இல் அன்றாட நிர்வாகத்தை வெளியாளிடம் ஒப்படைத்தது. மாரிகோவின் ஹர்ஷ் மாரிவாலா 2014-இல் குடும்பத்துக்கு வெளியே ஒருவரை நிர்வாக இயக்குநராக்கினார். உடைமை குடும்பத்திடமே இருந்தது. நடுத்தரக் கம்பெனிக்கும் இது பொருந்தும், ஒரு பொது மேலாளர் போதும்.

இங்கே தோல்வி வரும் விதம் எங்கும் ஒன்றுதான். நல்ல சம்பளத்தில் ஒருவரை வைப்பார்கள். பழைய கணக்குப்பிள்ளை அவரிடம் கேட்காமல் பெரியவரிடம் கேட்பார். கொள்முதலில் மைத்துனர் இருப்பார், அவரை இந்த மேலாளர் கேள்வி கேட்க முடியாது. எட்டு மாதத்தில் அவர் கிளம்பிவிடுவார், "வெளியாள் நிலைக்க மாட்டான்" என்று குடும்பம் சொல்லும். அவருக்கு நாற்காலி கொடுத்தார்கள், அதிகாரம் கொடுக்கவில்லை.

சேரும் நாளிலேயே எல்லையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 10 லட்சம் வரை கொள்முதல் அவருடைய சொந்த முடிவு, 50 லட்சம் வரை மூத்தவரோடு சேர்ந்து, அதற்கு மேல் இயக்குநர் குழு. ஒரு டீலருக்குக் கடன் 15 லட்சம் வரை அவர் பொறுப்பு. அவருக்கு உத்தரவு போடும் ஒரே ஆள் நிர்வாக இயக்குநர். தம்பி, தங்கை, மைத்துனர், அம்மா யாரும் நேரடியாக எதுவும் சொல்லக் கூடாது. குடும்பத்துக்காரர் ஒருவர் அவருக்குக் கீழே வேலை பார்த்தால், மற்றவர்களைப் போலவே விடுப்புக்கு அவரிடம் கேட்க வேண்டும். ஊக்கத்தொகையை விற்பனைத் தொகையை வைத்துக் கொடுத்தால், கடனுக்குச் சரக்கை அள்ளிக் கொடுத்துக் கணக்கைக் காட்டிவிடுவார். வசூலான பணத்தை வைத்துக் கொடுக்க வேண்டும். முதல் ஆண்டு லாபம் கொஞ்சம் குறையலாம். மழை நன்றாகப் பெய்து நிலத்தடி நீர் உயர்ந்த ஆண்டில் ஆழ்துளைப் பம்ப் விற்பனை மந்தமாவதும் உண்டு. ஒரு பருவத்தை வைத்து ஆளை அளக்காமல் இரண்டு மூன்று ஆண்டாவது கொடுக்க வேண்டும்.

அவர் வந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பக்கக் கணக்கு சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போக வேண்டும்: விற்பனை, வர வேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, வங்கிக் கடன், குடும்பத்தார் யார் யாருக்குக் கம்பெனி என்னென்ன கொடுத்தது. அந்தக் கடைசி வரிதான் சந்தேகத்தை விரட்டும். வெளியாள் கையெழுத்தில் அது வரும்போது தங்கைக்கு நம்பிக்கை கூடும், அண்ணனுக்கும் அவமானமாக இருக்காது.

சில குடும்பங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது. அண்ணன் தம்பி இருவரும் தொழிலில் இருக்கிறார்கள், இருவரும் திறமைசாலிகள், ஒருவர் கீழ் ஒருவர் இருக்க மாட்டார்கள் என்றால், வீம்புக்குச் சேர்த்து வைப்பதைவிடத் தெளிவாகப் பிரிப்பது மேல். திருபாய் அம்பானி உயில் எழுதாமல் 2002-இல் இறந்தார், மகன்களுக்குள் மூண்ட பிணக்கு ஊரறியப் பேசப்பட்டு, 2005-இல் தாயார் நடுவில் நின்று பிரித்துவிட்டார். டி.வி.எஸ். குடும்பக் கிளைகள் 2020-இல் தாங்களே ஒப்பந்தம் செய்துகொண்டு, எந்தக் கம்பெனியை எந்தக் கிளை நடத்தி வந்ததோ அதன் உடைமையையும் அந்தக் கிளைக்கே மாற்றிக்கொண்டன. 2022-இல் அது நடைமுறைக்கு வந்தது. பிரிவு கேவலம் இல்லை.

அறுபதைத் தொட்ட முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரல் 1-க்கு முன் மூன்று பிள்ளைகளையும் ஒரே நாளில் வரச்சொல்லுங்கள், வெளிநாட்டில் இருப்பவரை வீடியோவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருமகளையும் மருமகனையும் வெளியே அனுப்பாதீர்கள், அவர்களும் கேட்கட்டும். ஆடிட்டர் எழுதிய மதிப்பைச் சத்தமாகப் படியுங்கள். சம்பளப் பாக்கிக் கணக்கை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், மகனைக் கேட்க வைக்காதீர்கள். பிறகு நீங்களும் அம்மாவும் தனித்தனியே உயில் எழுதுங்கள். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், உயிலால் எதுவும் பெறாதவர்களாக இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிந்துவிடுங்கள்.